தாமதமாக வரும் நண்பனும் அணிப் பெயரும்

"எப்போதும் தாமதமாக வரும் நண்பனைக் கிண்டல் செய்து எங்கள் ஃபேன்டசி கிரிக்கெட் அணிக்குச் 'சோம்பேறி லெவன்' என்று பெயர் வைத்தேன். அவன் முகம் வாடிவிட்டது. வேறு என்ன வைக்கலாம்?"

'இரண்டே நிமிடம் லெவன்' என்று மாற்றுங்கள். தாமதமாக வருபவர்கள் தொலைபேசியில் சொல்வதும் அதுதான். 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையில் விக்கெட் விழுந்ததும் புதிய பேட்டர் அடுத்த பந்தைச் சந்திக்கத் தயாராவதற்கு இருந்த கெடுவும் இரண்டு நிமிடம்தான். அதைத் தாண்டியதால்தான் டெல்லியில் இலங்கை வீரர் ஏஞ்சலோ மேத்யூஸ் பந்தே சந்திக்காமல் ஆட்டமிழந்தார்.

'சோம்பேறி' அவன் குணத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறது, அதனால்தான் வலித்திருக்கும். புதிய பெயர் அவன் வழக்கமான பேச்சைத்தான் சீண்டுகிறது.

குழுவில் போடுமுன் அவனுக்கு மட்டும் அனுப்புங்கள். பதிலுக்கு அவனே உங்களைக் கிண்டல் செய்து ஒரு பெயர் சொன்னால் 'இரண்டே நிமிடம் லெவன்' என்றே துணிந்து வைக்கலாம். வெறும் சிரிப்புப் படம் வந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பொறுப்பால் தாமதிக்கிறான் என்றால் இந்தப் பெயரும் வேண்டாம்.