பிளாக் ஹீலுக்கு மாறியும் பாதம் ஏன் எரிகிறது?

கேள்வி: பென்சில் ஹீல் போட்டால் கால் தடுமாறுகிறது என்று அதே 7.5 செ.மீ. உயரத்தில் பிளாக் ஹீல் வாங்கினேன். தினமும் மேடு பள்ளமான நடைபாதையில் 20 நிமிடம் நடக்கிறேன். தடுமாற்றம் குறைந்துவிட்டது. ஆனால் விரல்களுக்குக் கீழே எரிச்சல் அப்படியே இருக்கிறது. வெட்ஜ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாகலாம், ஆனால் எல்லா வெட்ஜிலும் ஆகாது. நீங்கள் மாற்றியது ஹீலின் அகலத்தை. எரிச்சலோ பாதத்தின் சரிவால் வருகிறது, அது இன்னும் மாறவில்லை. குதிகால் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு எடை முன்பாதத்துக்கு இறங்கும். ஹீல் ஊசியாக இருந்தாலும் கட்டையாக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஒரு ஸ்கேலை எடுத்து, பின்பக்க உயரத்திலிருந்து முன்பக்க சோலின் தடிமனைக் கழித்துப் பாருங்கள். உங்கள் பிளாக் ஹீலுக்கு முன்னால் 1 செ.மீ. சோல் இருந்தால், பாதத்துக்கு உண்மையான சரிவு 6.5 செ.மீ. பழைய பென்சில் ஹீலில் முன்சோல் அரை செ.மீ. இருந்திருந்தால் 7. அரை செ.மீ. வித்தியாசத்தில் எரிச்சல் எப்படிக் குறையும்? பின்னால் 7, முன்னால் 3 என்று இருக்கும் வெட்ஜில் சரிவு 4தான். அதோடு, உள்தளம் உங்கள் பாதத்தின் வளைவோடு ஒட்டி உட்கார்ந்தால் நடுப்பாதமும் கொஞ்சம் எடையை வாங்கிக்கொள்ளும். வெட்ஜ் சொகுசாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். முன்சோல் மெல்லியதாக இருக்கும் வெட்ஜில் இந்த லாபம் பெரும்பாலும் போய்விடும்.

இனி தடுமாற்றம். குதிகால் உயரும்போது கணுக்கால் மூட்டுக்குள் எலும்பின் அகலமான முன்பகுதி வெளியே வந்து, குறுகலான பின்பகுதி உள்ளே போகும். பிடி தளர்ந்துவிடுவதால் கால் வெளிப்பக்கமாகப் புரள்வது சுலபம். எந்த வகை ஹீலிலும் இது உண்டு. அதற்கு மேல் பென்சில் ஹீலின் நுனி அகலம் சுமார் 1 செ.மீ.தான். அந்த நுனி கல் பதித்த தரையின் இடுக்கில் இறங்கும், சாக்கடை மூடியின் கம்பிகளுக்கு நடுவே மாட்டும். உங்கள் பாதைக்கு அதை மறந்துவிடலாம்.

பிளாக்கும் வெட்ஜும் இடுக்கில் விழாது, ஆனால் கல்லின் மேல் ஏறும். 4 செ.மீ. அகல பிளாக்கின் வெளி ஓரத்தில் 1 செ.மீ. கல் மாட்டினால் ஹீல் சுமார் 14 டிகிரி சாயும். 6 செ.மீ. அகல வெட்ஜில் அதே கல்லுக்கு 9 அல்லது 10 டிகிரிதான். வெட்ஜ் ஜெயித்துவிட்டது என்று தோன்றும், இல்லையா? ஒரு இடத்தில் அது தோற்கும். பிளாக் ஹீலில் பாதத்தின் நடுப்பகுதிக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது, கல் அதற்குள் சும்மா கிடக்கும். வெட்ஜில் அந்த இடமும் சோலால் அடைபட்டிருப்பதால், கல் சரியாக நடுவில் வந்தால் செருப்பு சீசா பலகை மாதிரி ஆடும். தடித்த சோல் வழியாகத் தரையும் தெரியாது, சாய்ந்த பிறகுதான் காலுக்குச் செய்தி போகும். நானே ஒருமுறை 9 செ.மீ. வெட்ஜில் இப்படிப் புரண்டு, ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அதனால் என் பரிந்துரை, பின்னால் 5, முன்னால் 2 செ.மீ. அளவில் ஒரு வெட்ஜ். சரிவு 3 செ.மீ., மொத்த உயரமும் அடக்கம். கணுக்கால் பட்டையோ, பாதத்தின் மேல் குறுக்குப் பட்டையோ கட்டாயம் இருக்கட்டும். பட்டை இல்லாவிட்டால் பாதம் முன்னால் வழுக்கி, குறைந்த சரிவிலும் எரியும். முன்சோல் மடங்காத கட்டையாக இருந்தால், விரல் நுனிப்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் நுனி தரையில் இடிக்கும்.

கடையில் சமதரையில் நடந்து பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஒரு தடித்த பேனாவைத் தரையில் போட்டு, யாரையாவது பிடித்துக்கொண்டு, முதலில் ஹீலின் வெளி ஓரத்தால், அப்புறம் சோலின் நடுவால் மெதுவாக மிதியுங்கள். கணுக்கால் சட்டென்று வெளியே போனால் அந்த ஜோடி வேண்டாம்.

கையில் இருக்கும் பிளாக் ஹீலைத் தூக்கிப் போட வேண்டாம், நடை குறைவான நாட்களுக்கு ஆகும். அதற்குள் ஒட்டும், குமிழ் மாதிரி மேடான முன்பாத மெத்தை வாங்கினால், எரியும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டாதீர்கள், அங்கே அழுத்தம் கூடத்தான் செய்யும். எரியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்டுங்கள். எரிச்சலோடு விரல்களும் மரத்துப்போனால் நரம்பு நசுங்கியிருக்கலாம், அதற்கு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.