பழைய கிரெடிட் கார்டை மூடினால் ஸ்கோர் என்ன ஆகும்? – கேள்வி பதில்

வங்கியின் கடன் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தேன். தினமும் பத்துப் பதினைந்து சிபில் அறிக்கைகளாவது மேஜைக்கு வரும். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். கார்டை மூடுவது பற்றி மட்டும் கேளுங்கள்.

"மேடம், 14 வருடப் பழைய கார்டு. ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய் பிடிக்கிறார்கள். மூடினால் 14 வருட வரலாறும் போய்விடுமா? அதன் லிமிட் ஒன்றரை லட்சம். இன்னும் இரண்டு கார்டு உண்டு, லிமிட் 60 ஆயிரமும் 40 ஆயிரமும். மூன்றிலும் சேர்த்து மாதம் 45 ஆயிரம் செலவு, முழுசாகக் கட்டிவிடுவேன்." – கோவை, தனியார் நிறுவன ஊழியர்

வரலாறு உடனே போகாது. மூடிய கணக்கும் அறிக்கையில் இருக்கும். கணக்கு திறந்த தேதிக்குப் பக்கத்தில் Date Closed என்று ஒரு தேதி ஏறும், அவ்வளவுதான். சிபில் போன்ற கிரெடிட் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் ஒழுங்காகக் கட்டிய மாதங்களும் அதில் அப்படியே தெரியும்.

உங்களுக்கு அடி விழப்போவது லிமிட்டில். இப்போது மொத்த லிமிட் இரண்டரை லட்சம், பயன்பாடு 45 ஆயிரம், அதாவது 18 சதவீதம். பெரிய கார்டை மூடினால் லிமிட் ஒரு லட்சமாகச் சுருங்கும். அதே 45 ஆயிரம் அப்போது 45 சதவீதம். நீங்கள் ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்கவில்லை, ஆனால் கடனை நம்பி ஓடும் ஆளாக அறிக்கையில் தெரிவீர்கள். முழுசாகக் கட்டினாலும் இது மாறாது. ஏனென்றால் வங்கி தகவல் அனுப்பும் நாளில் கணக்கில் எவ்வளவு நிலுவை இருந்ததோ அந்தத் தொகைதான் போகிறது. நீங்கள் கட்டுவது அதற்கு அப்புறம்.

பயன்பாடு 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சட்டம் இல்லை, 31 ஆனதும் ஸ்கோர் சரியாது. ஆனால் 18-இலிருந்து 45-க்குத் தாவினால் நிச்சயம் தெரியும்.

முதலில் வங்கியைக் கூப்பிட்டு, ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மூடப்போகிறேன் என்று சொன்னால் பல நேரம் சம்மதிப்பார்கள். ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: அதே கணக்கில் மாற்றுகிறீர்களா, புதுக் கணக்கு திறக்கிறீர்களா? புதுக் கணக்கு என்றால் வயது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சம்மதிக்கவில்லை என்றால், 60 ஆயிரம் கார்டின் லிமிட்டை 1,20,000 ஆக்க முடியுமா என்று பாருங்கள். அப்படி ஏற்றிய பிறகு மூடினால் மொத்தம் 1,60,000, பயன்பாடு 28 சதவீதம். அடி பெரிதாகப் படாது.

அடுத்த ஆறு மாதத்தில் வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் எதையும் தொடாதீர்கள். கடன் கைக்கு வந்த பிறகு மூடிக்கொள்ளலாம். 1,180 ரூபாயைப் பார்த்து வட்டி விகிதத்தில் கால் சதவீதம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஆனால் மூடினவுடன் சராசரி வயது விழும் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்கிறார்களே? உங்கள் பதில் தவறு." – சென்னை, ஐடி

பாதி சரி, தம்பி. கோவைக்காரரின் கார்டுகளுக்கு 14, 6, 3 வயது என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஏழரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே. பழையதைக் கணக்கிலேயே சேர்க்காவிட்டால் நாலரை. வீடியோவில் காட்டுவது இந்த இரண்டாவது கணக்கு. ஆனால் அமெரிக்காவில்கூட ஃபைகோ ஸ்கோர் மூடிய கணக்கையும் வயதில் சேர்த்துக்கொள்கிறது. நல்ல நிலையில் மூடிய கணக்கு அங்கே பத்து வருடம் வரை அறிக்கையில் நிற்கும். அங்கே உள்ள இன்னொரு ஸ்கோரான வான்டேஜ் சில மூடிய கணக்குகளை விட்டுவிடலாம், குழப்பம் அங்கிருந்து வருகிறது. இங்கே சிபில் தன் சூத்திரத்தை வெளியிட்டதில்லை. அதனால் "உடனே விழும்" என்று அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். மூடிய கணக்கு அறிக்கையை விட்டு நீங்கும் நாளில் வயது குறையும். அது பல வருடம் கழித்து நடப்பது. அதற்குள் மற்ற கார்டுகளுக்கும் வயது ஏறியிருக்கும்.

"என் அனுபவம் வேறு. பழைய கார்டை மூடின ரெண்டாவது மாதமே 790-லிருந்து 752. வேறு எதுவும் மாறவில்லை." – திருச்சி

வேறு எதுவும் மாறவில்லையா? மிச்சமிருந்த கார்டின் லிமிட், நிலுவை இரண்டையும் சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் வேறு கடனுக்கு விண்ணப்பித்தீர்களா?

"லிமிட் 40 ஆயிரம், அந்த மாதம் 32 ஆயிரம் போட்டிருந்தேன். கார் லோன் கேட்டேன், ஆனால் அது மூடினதுக்கு அப்புறம்." – திருச்சி

அப்படியென்றால் 80 சதவீதப் பயன்பாடு, கூடவே கார் லோன் கேட்டதால் ஒரு விசாரணைப் பதிவு. வயதைக் குறை சொல்ல இடமே இல்லை. அடுத்த மூன்று மாதம் ஸ்டேட்மென்ட் தேதிக்கு நாலு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டுப் பாருங்கள். பயன்பாட்டால் வந்த சரிவு பயன்பாடு குறைந்ததும் பெரும்பாலும் மீளும்.

"நான் மூடினபோது ஆறு புள்ளி ஏறியது! அப்போ திருச்சி நண்பர் சொல்வது பொய்யா?" – ஈரோடு

பொய் இல்லை. மூடிய கார்டில் நிறைய நிலுவை வைத்திருந்தீர்களா? அதைக் கட்டித்தானே மூட முடியும். நிலுவை இறங்கினால் ஸ்கோர் ஏறும்.

"இல்லையே, அதை நான் தொட்டதே இல்லை." – ஈரோடு

அப்படியானால் ஆறு புள்ளிக்கு என்னிடம் காரணம் இல்லை. அந்த அளவு மாதாமாதம் ஏறி இறங்குவது சகஜம். உங்கள் முழு அறிக்கையைப் பார்க்காமல் மேலே பேசுவது ஊகம்.

"790 இருந்தாலும் 752 இருந்தாலும் லோன் கிடைக்கும். இதற்கு இவ்வளவு சண்டையா?" – சேலம்

கடன் கிடைக்கும். எந்த வட்டிக்கு என்பதுதான் கேள்வி. பல வங்கிகள் ஸ்கோரை அடுக்குகளாகப் பிரித்து வட்டி போடுகின்றன. 752 ஒரு அடுக்கின் ஓரத்தில் நின்றால் இருபது வருடக் கடனில் அந்த வித்தியாசம் சின்னதில்லை.

"ஒரே வங்கியில் இரண்டு கார்டு, இரண்டுக்கும் சேர்த்து இரண்டு லட்சம் லிமிட். பழையதை மூடினால் பாதி போய்விடுமா?" – மதுரை, ஆசிரியை

நல்ல கேள்வி. பகிர்ந்த லிமிட் என்றால் பொதுவாக அந்த இரண்டு லட்சமும் மிச்சமிருக்கும் கார்டில் தொடரும். செலவுக்கு உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அறிக்கையில் எப்படிப் பதிவாகிறது என்பது வங்கிக்கு வங்கி மாறுபடும். இரண்டு கார்டுக்கும் தனித்தனியாக இரண்டு லட்சம் என்று பதிவாகி, நாலு லட்சம் போலத் தெரிந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் மூடியதும் காகிதத்தில் பாதியாகும். மூடுவதற்கு முன்பே அறிக்கையை எடுத்து லிமிட் வரியைப் பாருங்கள். நான்கு கிரெடிட் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

"கார்டை மூடாமல் பீரோவில் போட்டு வைத்தால் போதும்தானே?" – நாகர்கோவில்

போதாது. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் வங்கியே உங்களுக்குத் தகவல் சொல்லி மூடும் வேலையைத் தொடங்கலாம். 30 நாளில் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். சில மாதத்துக்கு ஒரு முறை ஒரு மொபைல் ரீசார்ஜ் போட்டு முழுசாகக் கட்டிவிடுங்கள். பழைய எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியைத் தவறவிட்டுத்தான் பலர் கார்டை இழக்கிறார்கள்.

"ஏடிஎம் கார்டை மூடினால் சிபில் குறையுமா?" – வேலூர்

குறையாது. டெபிட் கார்டுக்கும் ஸ்கோருக்கும் சம்பந்தம் இல்லை.

"மேடம், பழைய கார்டு மூடினால் வயது போகுமா?" – தஞ்சாவூர்

முதல் பதிலைப் படியுங்கள்.

"கட்ட முடியாத பழைய கார்டு. பாதி கட்டினால் மூடித் தருகிறோம் என்கிறார்கள்." – பெயர் வேண்டாம்

அவர்கள் சொல்வது செட்டில்மென்ட். அறிக்கையில் Settled என்று ஏறும். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தே விண்ணப்பத்தை ஓரம் வைத்துவிடும் கடன் அதிகாரிகள் உண்டு. லிமிட், வயது எல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. முடிந்தால் முழு நிலுவையைத் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். வேறு வழியே இல்லை என்றால் செய்யுங்கள், பின்னால் மீதியைக் கட்டி நிலையை மாற்ற முடியுமா என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

"போனில் சொல்லி மூடிவிட்டேன். கார்டையும் வெட்டிப் போட்டாச்சு. முடிந்ததுதானே?" – திண்டுக்கல்

முடியவில்லை. எழுத்தில் என்ன வாங்கினீர்கள்? ஒரு தலைமை ஆசிரியர் என் மேஜைக்கு முன் உட்கார்ந்து அழுததை மறக்க முடியவில்லை. போனில் மூடச் சொன்ன நாளுக்கும் அவர் கடைசியாகக் கட்டிய நாளுக்கும் இடையில் ஏறிய வட்டி 212 ரூபாய். முகவரி மாறியதால் ஸ்டேட்மென்ட் அவருக்கு வரவில்லை. கணக்கு மூடப்படவே இல்லை. அறிக்கையின் கட்டண வரலாற்றுக் கட்டங்களில் தாமத நாட்கள் 30, 60, 90 என்று வரிசையாக ஏறியிருந்தன. மகளின் படிப்புக் கடனில் அவரைச் சேர்க்க முடியவில்லை.

அதனால் செய்ய வேண்டியது இது. தானியங்கிப் பிடித்தங்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள், ரிவார்டு பாயின்ட்டைச் செலவழியுங்கள், தவணை இருந்தால் முடியுங்கள், நிலுவையைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு மின்னஞ்சலிலோ செயலியிலோ கேளுங்கள், தேதி பதிவாகட்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

"மூடி இரண்டு மாதம் ஆகியும் அறிக்கையில் இன்னும் திறந்த கணக்காகவே இருக்கிறது." – கோவை (முதல் கேள்விக்காரரின் தம்பி)

மூடிய 30 நாளுக்குள் வங்கி தகவல் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் அது தாண்டிவிட்டது. சிபில் தளத்தில் அந்தக் கணக்கின் மேல் ஆட்சேபம் பதிவு செய்து, நிலுவை இல்லாக் கடிதத்தை வங்கிக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. சரியான பிறகு அறிக்கையை இன்னொரு முறை எடுத்து Date Closed வரியில் நீங்கள் மூடிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தப்பான தேதி ஏறியிருந்தால் அதற்கும் இதே வழியில் ஆட்சேபம் போடலாம். உங்கள் அண்ணன் வங்கியில் என்ன பதில் வாங்கினார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.