ஆதாரில் பெயர் முதலில், பாலினம் அப்புறம்

கேள்வி (ஜூலை 2024): எனக்கு 24 வயது, திருநங்கை. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். கோவையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்பே கலெக்டர் தரும் அடையாளச் சான்றிதழை வாங்க முடியுமா? வாங்கினால் ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ் இவற்றில் எதை முதலில் மாற்றுவது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தாராளமாக வாங்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2020-இல் வந்த விதிகளில் 4-ஆவது விதி, நீங்கள் தரும் உறுதிமொழிப் பத்திரத்தின் அடிப்படையில்தான் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையோ உடல் பரிசோதனையோ கூடாது என்கிறது. அலுவலகத்தில் யாராவது டாக்டர் சர்டிபிகேட் கேட்டால் இந்த விதியைச் சொல்லுங்கள். திருநங்கையர் நல வாரிய அட்டை உங்களிடம் இருந்தாலும் அது வேறு, இது வேறு.

விண்ணப்பம் ஆன்லைனில், transgender.dosje.gov.in என்ற தளத்தில். எந்த மாவட்டத்தில் 12 மாதமாகத் தொடர்ந்து குடியிருக்கிறீர்களோ அந்த மாவட்டக் கலெக்டருக்குத்தான் அது போக வேண்டும். உங்களுக்கு அது கோவை. ஆதாரில் இன்னும் ஊர் முகவரி இருக்கிறது என்றால் விண்ணப்பிக்கும் முன்பே, வாடகை ஒப்பந்தத்தை வைத்து அதைக் கோவை முகவரிக்கு மாற்றிவிடுங்கள். ஆதாரில் முகவரியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரியைச் சரிபார்க்க யாராவது கிளம்பினாலும், அப்பா அம்மா வீட்டு வாசலில் போய் நிற்கக்கூடாது அல்லவா? இதை அவசியம் செய்யுங்கள்.

பெயர் எழுதும் இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கலெக்டர் தரும் சான்றிதழில் (படிவம் 3) உங்கள் புதுப் பெயரும் வரும், பிறப்புப் பெயர் இன்னது என்றும் ஒரு வரி இருக்கும். பழைய ஆவணத்துக்கும் புது ஆவணத்துக்கும் பாலம் அந்த வரிதான். ஆகவே பிறப்புப் பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்து மாறாமல் கொடுங்கள். புதுப் பெயருக்கு ஒரே ஸ்பெல்லிங்கை முடிவு செய்துகொள்ளுங்கள். நம் ஊர் இனிஷியல் பான் கார்டில் தொல்லை தரும். ஆதாரில் Kayalvizhi S என்று இருந்தால், பானில் அந்த S-ஐ விரித்து அப்பா பெயராக எழுதச் சொல்வார்கள். அப்புறம் இரண்டும் பொருந்தாமல் பான்-ஆதார் இணைப்பு நின்றுவிடும். முதலிலேயே Kayalvizhi Selvam என்று விரித்தே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி ஏற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 30 நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும். நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும், நீங்கள் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இனி, எதை முதலில் என்ற கேள்வி. ஆதார்தான் முதலில். ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மாற்றலாம், பாலினத்தை ஒரே ஒரு முறைதான். படிவம் 3-ஐக் கொடுத்து இப்போதே பாலினத்தையும் மாற்றினால் ஆதாரில் 'திருநர்' என்று வரும், அந்த ஒரு வாய்ப்பும் தீர்ந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு, அதைச் செய்த மருத்துவமனையின் மருத்துவக் கண்காணிப்பாளரிடமோ தலைமை மருத்துவ அதிகாரியிடமோ சான்று வாங்கி மறுபடி கலெக்டரிடம் விண்ணப்பித்தால், 'பெண்' என்று திருத்திய சான்றிதழ் (படிவம் 4) 15 நாளில் கிடைக்க வேண்டும். அதைக் காட்டி ஆதாரை மாற்றப் போகும்போது வரம்பு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் ஆதார் மண்டல அலுவலகத்துக்கு விதிவிலக்கு கேட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் உங்கள் நிலையில் நான் இப்படிச் செய்வேன்: இப்போது ஆதாரில் பெயரை மட்டும் மாற்றுவேன், பாலினத்தைப் படிவம் 4 வரும் வரை தொடமாட்டேன். ஆபரேஷனே வேண்டாம் என்று இருப்பவருக்கோ, 'திருநர்' என்றே இருக்க விரும்புபவருக்கோ காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை, இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

ஆதாரில் பெயர் மாறியதும் பான், அப்புறம் வங்கிக் கணக்கு, பிறகு கம்பெனியில் பி.எஃப். இந்த வரிசையில் போனால் ஒவ்வொன்றுக்கும் முந்தையது சாட்சியாக இருக்கும். சம்பளம் வரும் கணக்கு என்பதால் வங்கிக்குப் போகும் முன் உங்கள் எச்.ஆரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பள்ளிச் சான்றிதழ்தான் உண்மையில் இழுக்கும். சான்றிதழ் பெற்றவர் தன் ஆவணங்களில் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 7-ஆவது பிரிவு சொல்கிறது. விதிகளின் இணைப்பில் உள்ள ஆவணப் பட்டியலில் பள்ளிச் சான்றிதழும் இருக்கிறது. விண்ணப்பித்த 15 நாளில் மாற்றித் தர வேண்டும் என்பதும் விதியில் உண்டு. நடைமுறையில் "அரசிதழ் இருக்கிறதா?" என்பார்கள், "பழைய ரெக்கார்டைத் தொட முடியாது" என்பார்கள். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். பிரிவையும் விதியையும் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவசமாக வக்கீல் கேட்கலாம், அவர் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான். அது நடக்கும் வரை வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பித்தால், மதிப்பெண் பட்டியலோடு படிவம் 3-இன் நகலையும் இணைத்துக் கொடுங்கள்.