அடுத்தடுத்த இரண்டு தள்ளுபடிக்குப் பிறகு லாப சதவீதம் எவ்வளவு?

கேள்வி: அடக்க விலை 600, குறித்த விலை 1000. முதலில் 20%, அப்புறம் 10% தள்ளுபடி கொடுத்தால் 30% குறைந்து 700க்குத்தானே விற்கிறேன்? லாபம் எத்தனை சதவீதம்?

பதில்: 700 இல்லை, 720. முதல் தள்ளுபடியில் 1000 என்பது 800 ஆகிவிடுகிறது, இரண்டாவது 10% அந்த 800க்குத்தான், அதனால் 80 மட்டுமே குறையும். நேராகப் பெருக்கியும் பார்க்கலாம்:

```
1000 × 0.80 × 0.90 = 720
```

ஆக மொத்தத் தள்ளுபடி 28%. 10 முதலில், 20 பிறகு என்று மாற்றிப் போட்டாலும் அதே 720தான் வரும்.

சரி, லாபம் 120. இதை அடக்க விலையான 600ஆல் வகுத்தால் 20%, இது மார்க்கப். விற்ற விலையான 720ஆல் வகுத்தால் 16.67%, இது மார்ஜின். லாபத்தொகை ஒன்றுதான், எதனால் வகுக்கிறோம் என்பதுதான் வேறு.

தள்ளுபடி தருவதற்கு முன் மார்ஜினைத்தான் பார்க்க வேண்டும். 1000க்கு விற்றிருந்தால் லாபம் 400, மார்க்கப் 66.67%, மார்ஜின் 40%. கையில் 66% இருக்கிறதே என்று நினைத்து 50% தள்ளுபடி கொடுத்தால் 500க்கு விற்று 100 நஷ்டப்படுவீர்கள், ஏனென்றால் தள்ளுபடியும் மார்ஜினும் விற்பனை விலையிலிருந்து கணக்கிடப்படுபவை, மார்க்கப் அப்படியில்லை. மொத்தத் தள்ளுபடி 40%ஐத் தொட்டதுமே லாபம் பூஜ்யம். ஆனால் 40லிருந்து 28ஐக் கழித்து 12% மார்ஜின் மிச்சம் என்று எழுதிவிடாதீர்கள், மிச்சமிருக்கும் 120ஐப் புதிய விலையான 720ஆல்தான் வகுக்க வேண்டும்.