வேலை கிடைக்கும்வரை டெலிவரி: எத்தனை மணி நேரம், எவ்வளவு காலம்?

கேள்வி: கணக்குப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வேலை போய்விட்டது. வீட்டுச் செலவுக்குப் பழைய சம்பளத்தில் 70 சதவீதம் தேவை. கையில் உள்ள சேமிப்பு நான்கு மாதம் தாங்கும். சொந்தமாக பைக் இருக்கிறது, உணவு டெலிவரியில் சேரலாமா? கடனில் கார் எடுத்து டாக்ஸி ஆப்பில் ஓட்டினால் பழைய சம்பளத்தையே தாண்டலாம் என்கிறார் நண்பர். எதைச் செய்வது?

பதில்: பைக்கில் சேருங்கள், ஆனால் முழு நாளும் ஓட்டாதீர்கள். கார் கடன் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். அது உங்கள் தொழில்தானே.

உங்கள் பழைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு 70, சேமிப்பு 280. தினமும் 10 மணி நேரம், மாதம் 26 நாள் டெலிவரி ஓட்டினால் ஆப்பில் 90 வருவதாக வைத்துக்கொள்வோம். நண்பர்கள் சொல்லும் வருமானம் பெரும்பாலும் இந்த எண்தான். பெட்ரோலுக்கு 22, வண்டித் தேய்மானத்துக்கும் சர்வீஸுக்கும் 12, டேட்டா, மழைக்கோட்டு, கூடுதல் காப்பீடு ஆகியவற்றுக்கு 3 போனால் கையில் நிற்பது 53. சேமிப்பிலிருந்து மாதம் 17 எடுத்தால் போதும், 16 மாதம் தள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 16 மாதத்தில் இன்டர்வியூவுக்குப் போக உங்களுக்கு ஒரு காலைப்பொழுதுகூட மிஞ்சாது.

இப்போது இரவு உணவு நேரமான நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டுவதாக வையுங்கள். மாதம் 104 மணி நேரம். ஆர்டர் குவியும் நேரம் என்பதால் சும்மா காத்திருப்பது குறையும். ஆப் வரவு 52, செலவு 17, கையில் 35. சேமிப்பிலிருந்து மாதம் 35 எடுக்க வேண்டியிருக்கும். நான்கு மாதம் தாங்கும் பணம் எட்டு மாதம் தாங்கும். காலையும் மதியமும் முழுக்க உங்களுடையது. முழு நாள் ஓட்டத்தில் 10 மணி நேர உழைப்புக்கு நிகரமாக 2 பங்கு கிடைத்தது, இதில் 3.4. நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்று வைத்தால் பழைய வேலையில் 4.8. டெலிவரி உங்களுக்கு வாங்கித் தருவது சம்பளத்தை அல்ல, நான்கு மாத அவகாசத்தை. வேலை தேடும் நேரத்தை விற்று அந்த அவகாசத்தை வாங்கினால் பயனில்லை.

இவை என் அனுமான எண்கள். உங்களுடையதை நீங்களே அளக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குத் தரும் போனஸ் படத்தையே மாற்றிவிடும். மூன்றாவது வாரத் தொடக்கத்தில் டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறியுங்கள். தினமும் வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ஆப் வரவு ஆகியவற்றை எழுதுங்கள். இன்சென்டிவை மட்டும் தனி வரிசையில் எழுதுங்கள். நான்காவது வார முடிவில் மறுபடி டேங்கை நிரப்பினால், அதுவரை ஊற்றிய பெட்ரோல் முழுதும் அந்த ஓட்டத்தின் செலவு. ஓடோமீட்டர் காட்டும் தூரத்தையும் ஆப் கணக்கில் உள்ள தூரத்தையும் ஒப்பிடுங்கள். டெலிவரி முடித்துத் திரும்பும் காலி ஓட்டம் பெரும்பாலும் ஆப் கணக்கில் வராது, பெட்ரோல் கணக்கில் வரும். இடைவெளி பெரிதாக இருந்தால் நீங்கள் நிற்கும் இடமோ எடுக்கும் ஆர்டர்களோ சரியில்லை என்று பொருள்.

காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ணுங்கள். இதில் சட்டங்களே ஒத்துப்போவதில்லை. கலிஃபோர்னியாவில் 2020இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம் ஆர்டரை ஏற்றதிலிருந்து முடிக்கும்வரை உள்ள நேரத்துக்குத்தான் குறைந்தபட்ச வருமானத்தை உறுதி செய்கிறது. பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ 2021இல் ஊபர் வழக்கில், ஓட்டுநர் ஆப்பைத் திறந்து சவாரி எடுக்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. ஆப் எப்படி எண்ணினாலும், உங்கள் நோட்டில் இரண்டாவது முறைதான் இருக்க வேண்டும்.

தேய்மானத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அது அன்றன்றைக்குப் பணம் கேட்பதில்லை. நாளுக்கு 100 கி.மீ. ஓட்டினால் ஆறு மாதத்தில் 15,600 கி.மீ. ஆகிவிடும். தினம் 20 கி.மீ. அலுவலகம் போய்வரும் வண்டிக்கு அது இரண்டரை வருட ஓட்டம். இன்ஜின் ஆயில், பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட், பின் டயர் எல்லாம் அந்த வேகத்தில்தான் தீரும். ஒவ்வொரு நாள் வரவிலும் எட்டில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் வீட்டுக்குக் கைவைத்தால் நீங்கள் வண்டியைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள்.

கிளம்பும் முன் செய்யவேண்டியது ஒன்று. சொந்த உபயோகத்துக்கு எடுத்த வாகனக் காப்பீடு, கூலிக்குப் பொருள் கொண்டுபோகும்போது நடக்கும் விபத்துக்குச் செல்லாமல் போகலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஆப் தரும் விபத்துக் காப்பீடு இருந்தால், அது ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமா, லாகின் செய்த நேரம் முழுவதுமா என்று படியுங்கள். கால் முறிந்து ஆறு வாரம் படுத்தால் வரவு பூஜ்யம், செலவு அதே 70.

கார் விஷயம். மாதத் தவணை நிலையானது, வரவு அப்படியல்ல. கமிஷனையும் இன்சென்டிவையும் ஆப் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், உங்கள் வங்கி தவணையை மாற்றாது. அதைவிடப் பெரிய சிக்கல் காலம். நீங்கள் தேடுவது சில மாத ஏற்பாடு, நண்பர் சொல்வது ஐந்து வருடக் கடன். ஆறாவது மாதம் நல்ல வேலை கிடைத்தால் காரை என்ன செய்வீர்கள்? வாடகைக்கு ஓடிய காரின் விலை வேகமாக இறங்கும். விற்றாலும் மீதிக் கடன் அடையாமல் போகலாம். தவணைக்குப் பயந்து அந்த நல்ல வேலையைக் கைவிடுவதுதான் மிச்சம். ஓட்டியே பார்க்க வேண்டும் என்றால் வார வாடகைக் காரில் பாருங்கள்.

இன்சென்டிவ் பற்றி ஒரு எச்சரிக்கை. 20 டிரிப் முடித்தால் போனஸ் என்றால், 17இல் நிற்பவர் கட்டுப்படியாகாத தொலைதூர ஆர்டரையும் எடுப்பார். இன்சென்டிவ் இல்லாத வரவை வைத்தே மாதத்தைத் திட்டமிடுங்கள். வந்தால் சேமிப்புக்குப் போகட்டும்.

இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்ற யோசனை மூன்றாவது மாதம் வரும். கணக்குப் பார்க்க வழி இருக்கிறது: இன்சென்டிவைக் கழித்த மணி நேர நிகர வரவிலிருந்து மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால சேமிப்பு, அடுத்த வண்டிக்கான தொகை மூன்றையும் கழியுங்கள். மிச்சம், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அடுத்த வேலையைவிட அதிகமாக இருந்தால் தொழிலாக எடுப்பதில் தவறில்லை. ஆனால் ஐந்து வருடம் ஓட்டியவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே ஆர்டருக்கு அநேகமாக ஒரே தொகைதான். கணக்கு வேலையில் அப்படி இல்லை. உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: சிறு கடைகளுக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுவது. மணிக்கு 3.4இன் பத்தில் ஒரு பங்கை அது தாண்டினால், இரவு டெலிவரியில் அவ்வளவு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது மாத முடிவில் சேமிப்பு 140இல், அதாவது இரண்டு மாதச் செலவுக்கான அளவில் இருக்கும். அதுவரை வேலை அமையவில்லை என்றால் ஓட்டும் நேரத்தைக் கூட்டாதீர்கள், தேடலை மாற்றுங்கள்: பழைய சம்பளத்தில் 80 தரும் வேலைக்கும் விண்ணப்பியுங்கள். 80 வந்தாலே வீட்டுச் செலவு போக 10 மிஞ்சும்.