பி.காம் மாணவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

"எங்கள் வரி ஆலோசனை அலுவலகத்துக்கு மே மாதம் இரண்டு பி.காம் மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். போன வருடம் ஜெராக்ஸ் எடுத்தே பொழுது போனது. சான்றிதழில் என்னதான் எழுதுவது?"

ஆளுக்கு ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாதக் கொள்முதல் பதிவேட்டைக் கொடுங்கள். அதை, சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் GSTR-2B அறிக்கையோடு பில் வாரியாக ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் காரணத்தோடு எழுதட்டும்: பில் எண் தவறா, சப்ளையர் இன்னும் தாக்கல் செய்யவில்லையா, நம் ஆளே பதிய மறந்தாரா. முதல் பத்து பில்லுக்கு மட்டும் கூடவே உட்காருங்கள். போர்ட்டல் கடவுச்சொல் வேண்டாம், கோப்பை இறக்கிக் கொடுத்தால் போதும்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் கண்டுபிடித்ததை நீங்களே இரண்டு வரி குறித்து வையுங்கள். அப்புறம் சான்றிதழில் வெறும் 'நன்னடத்தை' என்று போடாமல், 'சப்ளையரிடம் தானே பேசி, விடுபட்ட பில்களைத் தாக்கல் செய்ய வைத்தார்' என்று எழுத முடியும். உங்கள் கைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். வேலைக்கு எடுப்பவர் கூப்பிட்டால் அந்தக் குறிப்பைப் பார்த்தே பேசலாம்.