நாற்பதுக்குப் பிறகு மென்பொருள் வேலை: எதைப் புதுப்பிப்பது, எதை விடுவது?

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே சென்னை நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். வயது 44. ஜாவா 8, ஸ்ட்ரட்ஸ் 1, ஆரக்கிள் பிஎல்-எஸ்க்யூஎல் தெரியும். எல்லாமே பழசாகிவிட்டதா?

எல்லாம் இல்லை ஐயா. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதால்தான் பயம் வருகிறது. ஒரு தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு தேதிகளை எழுதுங்கள்: அதை வேலையில் கடைசியாகத் தொட்டது எப்போது, அதற்கான அதிகாரபூர்வ ஆதரவு முடிவது எப்போது.

ஸ்ட்ரட்ஸ் 1-க்கு ஆதரவு 2013-லேயே முடிந்துவிட்டது. பழைய கோப்பைத் திறந்தால் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நினைவிருந்தால் போதும். இனி ஒரு மணி நேரம்கூட அதற்குச் செலவிட வேண்டாம்.

உங்கள் நேரத்தைக் கேட்பது ஜாவாதான். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3-க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். ஜாவா 8-இலேயே நின்றுவிட்டவருக்குப் புதிய திட்டங்களின் கதவு அங்கே அடைபடுகிறது. மொழியில் புதிதாக வந்தவற்றைச் சில வார இறுதிகளில் பிடித்துவிடலாம். கைப்பழக்கம் வருவதற்கு, சிறிய பழைய திட்டம் ஒன்றை நீங்களே புதிய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள். முதலில் இடறும் இடம், javax என்று தொடங்கிய சில பெயர்கள் அங்கே jakarta ஆக மாறியிருப்பது:

```java
import javax.servlet.http.HttpServletRequest;   // jakarta ஆக மாற வேண்டும்
import javax.sql.DataSource;                    // அப்படியே இருக்க வேண்டும்
```

பலர் javax என்று வரும் இடங்களையெல்லாம் ஒரே அடியாக jakarta என்று மாற்றிவிடுகிறார்கள். javax.sql, javax.crypto போன்றவை ஜாவாவோடு சேர்ந்தே வருபவை. அவற்றின் பெயர் மாறவில்லை. இந்தத் தவறைக் கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடத் தொல்லை, பழைய javax.servlet-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் வெளி நூலகம். கம்பைல் சுத்தமாக முடியும்; ஓட்டும்போதுதான் NoClassDefFoundError வந்து நிற்கும். இதை ஒருமுறை நீங்களே தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால், நேர்காணலில் சொல்லச் சொந்த அனுபவம் கிடைத்துவிடும்.

பிஎல்-எஸ்க்யூஎல்லை விடவே விடாதீர்கள். தரவுத்தள அறிவு மெதுவாகத்தான் தேய்கிறது. பக்கத்தில் போஸ்ட்கிரெஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரக்கிளில் வெற்றுச் சரம் NULL-ஆகவே கருதப்படும், போஸ்ட்கிரெஸில் அப்படியில்லை. எனவே இடம்பெயர்த்த பிறகு, தொலைபேசி எண் இல்லாதவர்களைத் தேடும் அதே IS NULL வினவல் குறைவான வரிகளைத் தரக்கூடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தி, ஆரக்கிளில் பல ஆண்டு உழைத்தவருக்கு இயல்பாகவே வரும்.

திருவாரூரைச் சேர்ந்தவள், வயது 47. பல ஆண்டுகளாகக் குழுத் தலைமைதான், நிரல் எழுதவில்லை. எவ்வளவு மறந்திருக்கிறேன் என்று எப்படி அறிவது?

சான்றிதழ்த் தேர்வு எழுதாதீர்கள் அம்மா; மனப்பாடத்தைத்தான் அது அளக்கும். உங்கள் குழு அண்மையில் சரிசெய்த நடுத்தரமான பிழை ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தத் திருத்தத்துக்கு முந்தைய நிலைக்குப் போங்கள்:

```
git checkout <commit>~1
```

குழுவின் விடையைப் பார்க்காமல் நீங்களே பிழையைத் தேடுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திட்டத்தைக் கட்டி ஓட்டவே முடியவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அது கருவிப் பழக்கம், சீக்கிரம் திரும்பிவிடும். ஓட்டிய பிறகும் பிழை எந்தப் பகுதியில் இருக்கும் என்று ஊகிக்க முடியவில்லை என்றால், தேய்ந்திருப்பது ஆழமான திறன். அதற்குப் பாடக் காணொளி உதவாது. வாரம் ஒரு சிறிய பிழையையாவது உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து வேறொரு பிழையில் இதே சோதனையைச் செய்தால் மாற்றம் தெரியும்.

நாகப்பட்டினம். ஆங்குலர்ஜேஎஸ்ஸில் நல்ல தேர்ச்சி உண்டு. தொடரலாமா?

வேண்டாம். அதன் ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. டைப்ஸ்கிரிப்ட்டில் நேரத்தைப் போடுங்கள். அது எந்தச் சட்டகத்துக்கும் உங்களோடு வரும்.

மன்னார்குடி, வயது 51. நெல் ஆலைகளுக்கு விபி6-இல் எடைமேடை பில் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். விட்டுவிடவா?

இருக்கும் வாடிக்கையாளர்களை விடாதீர்கள். புதிய ஆலைக்கு மட்டும் அதில் எழுதாதீர்கள். விபி6 எழுதும் சூழலுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2008-இல் முடிந்துவிட்டது. எழுதி முடித்த மென்பொருளோ இன்றைய விண்டோஸிலும் ஓடுகிறது. அதனால் உங்களுக்கு அவகாசம் உண்டு.

உங்களிடம் இருக்கும் அரிய சரக்கு, தராசு சீரியல் போர்ட் வழியாக எந்த வேகத்தில், எந்த வரிசையில் எழுத்துகளை அனுப்புகிறது என்ற அறிவு. லாரி மேடையில் ஏறி எண் நிலைபெறுவதற்குள் எடையைப் பதிந்துவிடக் கூடாது என்பதும் அதில் அடக்கம். அதை அப்படியே சி-ஷார்ப்புக்குக் கொண்டுபோகலாம்; அங்கேயும் SerialPort இருக்கிறது. முதலில் எடை வாசிக்கும் பகுதியை மட்டும் மாற்றுங்கள், பில் பகுதி பழையதாகவே இருக்கட்டும். சம்பா அறுவடை நெல் வந்து குவியும் தை, மாசியில் கை வைக்காதீர்கள். பங்குனிக்கு மேல் ஓர் ஆலையில் இரண்டையும் பக்கம் பக்கமாக ஓட்டி, ஒவ்வொரு லாரிக்கும் எடை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.